பன்ஸ்ஃபீல்டு தொட்டி 912: போ-டை வரைபடத்தில் அளவுமானியின் பழுதை எங்கே வைப்பது?

தேன்மொழி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். பெட்ரோல் சேமிப்பு டெர்மினல் ஒன்றின் பாதுகாப்புப் பிரிவில் சேர்ந்து சில மாதங்களே ஆகின்றன. நடுவே ஆபத்தான நிகழ்வு, இடப்பக்கம் அதன் காரணங்கள், வலப்பக்கம் அதன் விளைவுகள், இடையே தடுப்புகள் என்று காட்டும் போ-டை வரைபடத்தை எங்கள் தொட்டிகளுக்குத் தயாரிக்கும் முன், விசாரணை அறிக்கைகள் முழுமையாக வெளிவந்துள்ள ஒரு விபத்தை எடுத்து வரைந்து பழகும்படி மேலாளர் சொன்னார். அதனால் இங்கிலாந்தில் ஹெமல் ஹெம்ப்ஸ்டெட் அருகே உள்ள பன்ஸ்ஃபீல்டு விபத்தை எடுத்துக்கொண்டேன்.

2005 டிசம்பர் 10 மாலை 7 மணியளவில் தொட்டி 912-க்குள் குழாய்வழியாகப் பெட்ரோல் வரத் தொடங்கியது. நள்ளிரவு கடந்து 3 மணியளவில் அளவுமானி சிக்கிக்கொண்டு, பெட்ரோல் ஏறிக்கொண்டிருந்தபோதும் ஒரே அளவையே காட்டியது. காலை 5.37 அளவில் தொட்டி வழியத் தொடங்கியது. 6.01-க்கு ஆவி மேகம் வெடித்தது. உயிரிழப்பு இல்லை என்றாலும் 40-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். தீ பல நாள்கள் எரிந்தது.

வரைபடத்தின் நடுவே டாப் ஈவென்டாக "தொட்டியிலிருந்து பெட்ரோல் வழிதல்" என்று எழுதியிருக்கிறேன். இடப்பக்கம் மூன்று காரணங்கள்: அளவுமானி பழுது, உயர்மட்ட சுவிட்ச் பழுது, பணியாளரின் கவனக்குறைவு. இவற்றுக்கு எதிராக ஆறு தடுப்புகள்: அளவுமானி, அதிலிருந்து வரும் மூன்று எச்சரிக்கை ஒலிகள், தனி உயர்மட்ட சுவிட்ச், பயிற்சி. வரைந்து முடித்த பிறகு பார்த்தால் அளவுமானி காரணமாகவும் நிற்கிறது, தடுப்பாகவும் நிற்கிறது. இரண்டில் எது சரி?

கார்முகில்

நான் கருவியியல் பிரிவில் வேலை செய்பவன். இரண்டு இடத்திலும் இருப்பதில் தவறொன்றும் இல்லை. மானி பழுதானதால்தானே அன்று பெட்ரோல் வழிந்தது? அப்படியானால் அது காரணம்தான். எச்சரிக்கை ஒலிகள் மூன்றும் வெவ்வேறு மட்டங்களில் ஒலிப்பவை. முதல் ஒலியைத் தவறவிட்டவர் இரண்டாவதைக் கேட்பார், அதையும் விட்டால் மூன்றாவது இருக்கிறது. எனவே அவற்றை மூன்று தடுப்புகளாகக் கணக்கில் எடுத்தது சரி. பயிற்சியை மட்டும் நீக்கிவிடுங்கள். பயிற்சி பெற்றவர் தூங்கிவிட்டால் அது எதையும் தடுக்காது.

இரா. செல்வராசு

பயிற்சியைப் பற்றிக் கார்முகில் சொன்னது சரி. மற்ற இரண்டையும் ஏற்க இயலவில்லை.

தேன்மொழி அவர்களே, ஒவ்வொரு காரணத்தையும் ஒரு கேள்வியால் சோதித்துப் பாருங்கள்: தடுப்புகள் எதுவுமே இல்லை என்று வைத்துக்கொண்டால், இந்தக் காரணம் ஒன்றே டாப் ஈவென்டை உண்டாக்கிவிடுமா? அளவுமானி பழுதாகி ஒரு வாரம் கிடந்தாலும், தொட்டிக்குள் எதுவும் வராவிட்டால் ஒரு சொட்டுகூட வழியாது. ஆகவே மானியின் பழுது காரணம் ஆகாது. உண்மையான காரணம் சாதாரணமான ஒன்று: குழாய்வழியாக வரவிருக்கும் பெட்ரோல், தொட்டியில் மீந்திருக்கும் இடத்தைவிட அதிகம், உரிய நேரத்தில் வரத்தை நிறுத்தியோ அடுத்த தொட்டிக்குத் திருப்பியோ ஆகவேண்டும். இது விபத்து நாளில் மட்டும் நேர்வதன்று, ஒவ்வொரு வரத்தின்போதும் இருக்கும் நிலைமை. காரணம் அன்றாடம் இருப்பது, அதைத் தடுப்புகள் அன்றாடம் பிடித்து நிறுத்துகின்றன என்று பார்க்கத் தொடங்கினால் வரைபடத்தின் இடப்பக்கம் தானாகவே தெளிவாகிவிடும்.

"பணியாளரின் கவனக்குறைவு" என்பதும் இதே சோதனையில் தோற்கும். எந்தச் செயலில் எந்தத் தவறு என்று சொல்லாமல் அதை ஒரு பெட்டிக்குள் போட்டால் அதற்கு எதிரே நிறுத்த "பயிற்சி", "மேற்பார்வை" போன்ற சொற்களைத் தவிர வேறு எதுவும் கிடைக்காது. வரத்தைத் தவறான தொட்டிக்குத் திருப்புவதைப் போன்ற குறிப்பிட்ட செயல் என்றால் அதற்குத் தனிக் கோடு தரலாம்.

அடுத்தது மூன்று ஒலிகள். அவை மூன்றும் ஒரே மானியின் அளவீட்டிலிருந்து பிறப்பவை. தொட்டி மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியிருக்கிறது என்று மானி சிக்கி நின்ற பிறகு மூன்றில் எதுவும் ஒலிக்க வழியில்லை. அன்று ஒலிக்கவும் இல்லை. செயலாற்றும் தடுப்பு என்றால் கண்டறிதல், முடிவெடுத்தல், செயல்படுத்தல் என்று மூன்று உறுப்புகளும் அதற்கு வேண்டும். உங்கள் பட்டியலில் உள்ள மானியும் மூன்று ஒலிகளும் கண்டறியும் உறுப்பு மட்டுமே. கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் முடிவெடுக்கிறார், அவர் மூடச்செய்யும் வால்வு செயல்படுத்துகிறது. ஆக, மானி, ஒலிகள், பணியாளர், வால்வு எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு தடுப்பு. உங்கள் ஆறு தடுப்புகள் இப்போது இரண்டாகின்றன: இந்தச் சங்கிலி ஒன்று, தனி உயர்மட்ட சுவிட்ச் இன்னொன்று. பன்ஸ்ஃபீல்டில் உண்மையாக இருந்ததும் ஏறத்தாழ அவ்வளவுதான்.

அன்பரசன்

இவ்வளவு நீண்ட விவாதம் எதற்கு? செர்வோ வகை மானியில் கம்பி சிக்குவது எல்லோருக்கும் தெரிந்ததே. எங்கள் பாமாயில் சேமிப்பகத்தில் பழைய மானிகளைக் கழற்றிவிட்டு ரேடார் மானி பொருத்தினோம். அதன் பிறகு சிக்கல் என்ற பேச்சே இல்லை. தேன்மொழி அவர்களும் ரேடார் மானிக்கு மாறிவிடலாம்.

இரா. செல்வராசு

அன்பரசன் அவர்களே, எந்த மானி வாங்கலாம் என்பது கேள்வியன்று. ரேடார் மானியும் ஒரு நாள் தவறாகக் காட்டும். அன்று எது காப்பாற்றும் என்பதைக் காட்டவே இந்த வரைபடம்.

ஆனாலும் உங்கள் பதிலில் பயனுள்ள ஒரு குறிப்பு இருக்கிறது. தொட்டி 912-இன் மானி அன்றுதான் முதன்முதலாகச் சிக்கியது என்று இல்லை. 2005 ஆகஸ்ட் இறுதியிலிருந்து விபத்து நாள்வரை 14 முறை சிக்கியதாக விசாரணையில் தெரியவந்தது. ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு வகையில் சரிசெய்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். வரைபடத்தில் இது தடுப்புக்குக் கீழே, அதைப் பலவீனப்படுத்தும் காரணியாக வரவேண்டும்: "மானி சிக்கி ஒரே அளவைக் காட்டுதல்". அதற்கு எதிரான கட்டுப்பாடாக, பெட்ரோல் வந்துகொண்டிருக்கையில் மட்டம் அசையாமல் நின்றால் எச்சரிக்கும் ஏற்பாட்டைச் சேர்க்கலாம். வரத்து ஓடுகிறது, மட்டம் ஏறவில்லை என்ற முரண்பாடு அன்று இரண்டரை மணி நேரம் கண்ணெதிரே இருந்தது.

கார்முகில்

ஒரே மானி என்பதை ஏற்கிறேன். ஆனால் மானி நல்ல நிலையில் இருக்கும் நாளில் மூன்று மட்டங்களுக்கும் மதிப்பே இல்லையா? முதல் ஒலிக்கும் கடைசி ஒலிக்கும் இடையே கிடைக்கும் நேரம்தானே பணியாளரைக் காப்பாற்றுகிறது?

இரா. செல்வராசு

மதிப்பு உண்டு. அது தடுப்பின் எண்ணிக்கையைக் கூட்டுவதில்லை, அந்த ஒரு தடுப்பு வேலைசெய்யப் போதிய நேரத்தைத் தருகிறது. அந்த நேரத்தைக் கணக்கிட்டுப் பார்த்தவர்கள் குறைவு என்பதால் இங்கே செய்து காட்டுகிறேன்.

25 மீட்டர் விட்டமுள்ள தொட்டியின் பரப்பு ஏறத்தாழ 490 சதுர மீட்டர். பன்ஸ்ஃபீல்டில் வரத்து மணிக்கு 550 கன மீட்டராக இருந்து, வெடிப்புக்கு முந்தைய நிமிடங்களில் 890 கன மீட்டர் அளவுக்கு உயர்ந்தது. 550 என்றால் மட்டம் நிமிடத்துக்கு 2 செ.மீ.க்குச் சற்றுக் குறைவாக ஏறும். 890 என்றால் 3 செ.மீ. கடைசி எச்சரிக்கை மட்டத்துக்கும் வழியும் மட்டத்துக்கும் இடையே 40 செ.மீ. விட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் வேகத்தில் உங்களுக்கு 21 நிமிடம் கிடைக்கும். இரண்டாவது வேகத்தில் 13 நிமிடம்தான். அந்த 13 நிமிடத்துக்குள் ஒலியைக் கவனித்து, எந்தத் தொட்டி என்று பார்த்து, எந்தக் குழாய்வழி அதை நிரப்புகிறது என்று உறுதிசெய்து, வரத்தைத் தருபவரிடம் சொல்லி, வால்வு முழுவதும் மூடி முடிய வேண்டும். பெரிய வால்வு மூடுவதற்கே சில நிமிடங்கள் ஆகும். 21 நிமிடத்தை நம்பி மட்டங்களை வகுத்துவிட்டு, வரத்தின் வேகம் கூடும்போது அவற்றை மறுபடி பார்க்காவிட்டால் தடுப்பு காகிதத்தில் மட்டும் இருக்கும்.

இந்தக் கணக்கைப் பின்பக்கமாகவும் சரிபார்க்கலாம். 5.37-லிருந்து 6.01 வரை 24 நிமிடம், பெரும்பகுதி 550 என்ற வேகத்தில் என்றால் 220 கன மீட்டர். இறுதி நிமிடங்களின் கூடுதல் வேகத்தையும் சேர்த்தால் 250-ஐத் தாண்டும். வழிந்தது இரண்டரை லட்சம் லிட்டருக்கு மேல் என்று அறிக்கைகள் சொல்வதோடு இது ஒத்துப்போகிறது.

தேன்மொழி

மிக்க நன்றி ஐயா. இடப்பக்கத்தை அழித்துவிட்டு மீண்டும் வரைகிறேன். உயர்மட்ட சுவிட்ச் பற்றி மட்டும் ஓர் ஐயம். அது மானியோடு தொடர்பில்லாத தனிக் கருவி. மட்டம் தொட்டவுடன் ஆள் தலையீடு இல்லாமல் வரத்தை நிறுத்தவேண்டியது. கண்டறிதல், முடிவு, செயல் மூன்றும் அதற்கு இருந்தன. எல்லா விதிகளின்படியும் அது நல்ல தடுப்பு. பிறகு ஏன் வேலைசெய்யவில்லை? "பூட்டு போடவில்லை" என்று ஒரு வரியில் படித்தேன். பூட்டுக்கும் சுவிட்சுக்கும் என்ன தொடர்பு என்று புரியவில்லை.

கார்முகில்

இதற்கு நான் பதில் சொல்கிறேன். இது என் தொழில். அந்தச் சுவிட்சின் தலைப்பகுதியில் சோதனைக்காக ஒரு நெம்புகோல் உண்டு. தொட்டியை உண்மையிலேயே நிரப்பாமல், நெம்புகோலை நகர்த்தி "மட்டம் வந்துவிட்டது" என்ற நிலையை உண்டாக்கி, ஒலியும் நிறுத்தமும் வருகின்றனவா என்று பார்க்கலாம். சோதனை முடிந்ததும் நெம்புகோல் வேலைசெய்யும் நிலையில் நிற்கவேண்டும். அதை அந்த நிலையில் பிடித்து வைப்பது அதில் மாட்டும் பூட்டு. பூட்டு இல்லாவிட்டால் நெம்புகோல் கீழே சரிந்து, உயர்மட்டத்தைக் கண்டறியாத நிலைக்குப் போய்விடலாம். சுவிட்ச் பொருத்தப்பட்டது 2004 ஜூலையில். பூட்டு வேலைக்கு அவசியமானது என்பதைப் பொருத்தியவர்களும் பயன்படுத்தியவர்களும் அறிந்திருக்கவில்லை. யாரும் கைவைக்காமல் இருக்கத்தான் பூட்டு என்று நினைத்தார்கள். வேலி சூழ்ந்த டெர்மினலில் தொட்டியின் உச்சியில் யார் வந்து கைவைக்கப்போகிறார்கள் என்று நினைப்பது இயல்புதானே.

எங்கள் பிரிவில் இதை அடிக்கடி பார்க்கிறோம். கருவியோடு வரும் சிறு பையில் ஒரு பூட்டும் ஒரு முத்திரைக் கம்பியும் இருக்கும். பொருத்துபவர் அந்தப் பையை மேசை இழுப்பறைக்குள் போட்டுவிடுவார்.

இரா. செல்வராசு

நன்றாக விளக்கினீர்கள். வரைபடத்தில் இதை வைக்கும் விதத்தை மட்டும் சேர்க்கிறேன். சுவிட்சுக்குக் கீழே பலவீனப்படுத்தும் காரணி: "நெம்புகோல் வேலைசெய்யாத நிலையில் நிற்றல்". அதற்கு எதிரான கட்டுப்பாடு: பூட்டு. பலர் அங்கே "ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனை" என்றும் எழுதி நிறைவடைந்துவிடுவார்கள். இந்தச் சுவிட்சில் நெம்புகோலை நகர்த்துவதே சோதனை. சோதனை முடிந்து நெம்புகோலைச் சரியாகத் திருப்பி வைக்காவிட்டால், "சோதனையில் தேறியது" என்று பதிவேட்டில் எழுதிய அந்த நிமிடத்திலிருந்தே தடுப்பு செத்துக் கிடக்கும். ஆகவே சோதனையோடு நிற்காமல், "சோதனைக்குப் பிறகு நெம்புகோல் நிலையையும் பூட்டையும் இன்னொருவர் பார்த்துக் கையெழுத்திடுதல்" என்று எழுதுங்கள். கள ஆய்வில் போய்ப் பார்க்கக்கூடிய ஒன்றாக அது இருக்கும்.

நிலவன்

தீயணைப்புத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். எல்லோரும் இடப்பக்கத்திலேயே நிற்கிறீர்கள். வலப்பக்கத்தில் என்ன வரைந்திருக்கிறீர்கள் அம்மா?

தேன்மொழி

விளைவுகளாக ஆவி மேக வெடிப்பு, தொட்டித் தீ, நிலத்தடி நீர் மாசு. தடுப்புகளாகத் தீப்பொறித் தவிர்ப்பு, வழிந்ததைத் தேக்கத் தொட்டியைச் சுற்றி எழுப்பிய டைக் சுவர், தீயணைப்பு நீர் பம்பு, நுரை.

நிலவன்

அந்த நான்கையும் அன்று நடந்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

முதலில் பம்பு. பனிமூட்டம் போன்ற வெண்மேகத்தைப் பார்த்த பிறகு 6.01-க்குத் தீ எச்சரிக்கைப் பொத்தான் அழுத்தப்பட்டது. பொத்தானை அழுத்தினால் தீயணைப்பு நீர் பம்பு தானாக ஓடத் தொடங்கும்படி அமைப்பு. வெடிப்பு ஏறக்குறைய அந்தக் கணத்திலேயே நிகழ்ந்தது. பம்பு துவங்கியபோது எழுந்த தீப்பொறியே பெரும்பாலும் மேகத்தைப் பற்றவைத்தது என்பது விசாரணையின் முடிவு. பம்பு அறை ஆவி மேகத்துக்குள்ளேயே இருந்தது. உங்கள் வரைபடத்தில் வெடிப்புக்கு எதிரான தடுப்பாகப் பம்பு நிற்கிறது. அங்கே அது தீப்பொறித் தவிர்ப்பு என்ற உங்கள் முந்தைய தடுப்பையே உடைத்தது. எந்த விளைவின் கோட்டில் பம்பை வைக்கிறீர்கள் என்பது இதனால் முக்கியமாகிறது. வெடிப்புக்குப் போகும் கோட்டிலிருந்து அதை எடுத்துவிட்டு, தீ பரவும் கோட்டில் மட்டும் வையுங்கள். பம்பு அறை எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது டைக் சுவர். சுவர் நின்றது, ஆனால் தேக்கி வைக்கவில்லை. இணைப்புகளில் இருந்த பூச்சு தீயில் தாங்கவில்லை. குழாய்கள் சுவரை ஊடுருவிச் செல்லும் இடங்களில் கசிவு ஏற்பட்டது. எரிபொருளும், அணைக்க ஊற்றிய நீரும், நுரையும் வெளியே ஓடி நிலத்தடி நீருக்குள் இறங்கின. அன்றைய நுரையில் பி.எஃப்.ஓ.எஸ். என்ற வேதிப்பொருள் இருந்தது. அது எளிதில் சிதையாது. ஆக, தீக்கு எதிராகத் தடுப்பாக நிற்கும் நுரை, நீர் மாசு என்ற கோட்டில் சேதத்தைக் கூட்டும் பொருளாகிறது. ஒரே பொருளுக்கு ஒரு கோட்டில் ஒரு வேடம், மறு கோட்டில் வேறு வேடம் என்பதை வரைபடம் தானாகக் காட்டாது; வரைபவர்தான் காட்டவேண்டும்.

கார்முகில்

இடப்பக்கத்துக்குத் திரும்ப அனுமதி கேட்கிறேன். செல்வராசு ஐயா எண்ணிக்கையை இரண்டாகக் குறைத்துவிட்டார். பணியாளர் வரத்தின் வேகத்தையும் மீதமிருக்கும் இடத்தையும் வைத்து, "இத்தனை மணிக்குத் தொட்டி நிரம்பும்" என்று முன்கூட்டியே கணக்கிட்டு எழுதி வைத்து, அந்த நேரத்தில் வரத்தை மாற்றினால், அது மானியைச் சார்ந்ததன்று. அதை மூன்றாவது தடுப்பாக ஏற்பீர்களா?

இரா. செல்வராசு

நிபந்தனையோடு ஏற்பேன். தொடக்க அளவும் வரத்தின் வேகமும் மானியிலிருந்து வராமல், குழாய்வழியின் ஓட்ட அளவீட்டிலிருந்து வரவேண்டும். வேகம் மாறினால் கணக்கும் மாறவேண்டும். பன்ஸ்ஃபீல்டில் சில குழாய்வழிகளின் ஓட்டத்தின்மீது டெர்மினல் பணியாளர்களுக்குக் கட்டுப்பாடு மிகக் குறைவு. தொட்டிகளின் நிலையைக் காட்ட ஒரே ஒரு திரை; ஒரு தொட்டியின் சாளரத்தை மற்றொன்று மறைக்கும். அப்படிப்பட்ட அறையில் இந்தக் கணக்கை யாரும் நம்பத்தகுந்த முறையில் செய்ய முடியாது. உங்கள் டெர்மினலில் முடியுமென்றால் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் இரண்டு தடுப்புகளிலும் முடிவெடுப்பவர் ஒரே ஆள், மூடுவதும் ஒரே வால்வு என்றால் அவை முழுவதும் தனித்தவை ஆகா. அதைப் பாதித் தடுப்பு என்று சொல்ல எனக்கு மனமில்லை. முழுத் தடுப்பு என்றும் சொல்லமாட்டேன்.

கார்முகில்

இதில் உங்களோடு முழுமையாக உடன்பட முடியவில்லை ஐயா. அப்படிப் பார்த்தால் இரவுப் பணியில் ஒரே ஆள் இருக்கும் எந்த டெர்மினலிலும் மனிதர் சேரும் தடுப்பு ஒன்றுக்குமேல் இருக்கவே முடியாது.

இரா. செல்வராசு

ஆம், பெரும்பாலான டெர்மினல்களில் நிலைமை அதுதான்.

அன்பரசன்

முன்பு கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டேன். இப்போது இழை முழுவதையும் படித்தேன். வேறொரு ஐயம். 2009 அக்டோபர் 29 அன்று ஜெய்ப்பூர் சீதாபுரா டெர்மினலில் நடந்ததும் பெட்ரோல் ஆவி மேக வெடிப்புத்தான். 11 பேர் இறந்தார்கள். ஆனால் அங்கே தொட்டி நிரம்பி வழியவில்லை. குழாயை முழுவதும் அடைத்து வைப்பதற்கான ஹேமர் பிளைண்ட் வால்வு திறந்த நிலையில் இருக்கையில் தொட்டியின் வால்வும் திறக்கப்பட்டதால் பெட்ரோல் பீறிட்டது. ஒரு மணி நேரத்துக்கு மேல் அதை நிறுத்த முடியவில்லை. தேன்மொழி அவர்களின் நடுப்பெட்டியில் "வழிதல்" என்று இருக்கிறது. அப்படியானால் ஜெய்ப்பூர் அந்த வரைபடத்துக்குள் வரவே வராதே? "பெட்ரோல் தொட்டி அமைப்பிலிருந்து வெளியேறுதல்" என்று பொதுவாக எழுதினால் இரண்டும் அடங்கும் அல்லவா?

நிலவன்

நானும் அதையே சொல்வேன். வலப்பக்கம் இரண்டுக்கும் ஒன்றுதான்: ஆவி பரவுவதைக் கண்டறிதல், தொலைவிலிருந்து வால்வை மூடுதல், தீப்பொறியைத் தவிர்த்தல், ஆட்களை அப்புறப்படுத்தல். களத்தில் நிற்பவனுக்குப் பெட்ரோல் மேலிருந்து வந்ததா குழாயிலிருந்து வந்ததா என்பது முதல் பத்து நிமிடத்தில் பெரிய வேறுபாடு இல்லை.

இரா. செல்வராசு

வேறுபாடு உண்டு என்று நினைக்கிறேன். ஜெய்ப்பூரில் கசிந்த இடத்துக்கு அருகிலேயே வால்வை இயக்கவேண்டியவர்கள் இருந்தார்கள்; ஆவியின் தாக்கத்தால் அவர்களால் வால்வை மூட முடியவில்லை. அங்கே வெளியேறுவதை நிறுத்த வழி, அந்தத் தொட்டியின் வால்வை எட்டத்திலிருந்து மூடுவது. பன்ஸ்ஃபீல்டு போன்ற வழிதலில் வரத்தை நிறுத்தினாலே போதும். அதைப் பல கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் செய்யலாம். டாப் ஈவென்டைப் பொதுவாக்கினால் இந்த வேறுபாடு மறைந்து, "வால்வை மூடுதல்" என்ற ஒரே பெட்டி இரண்டுக்கும் பொருந்துவது போல் தோற்றமளிக்கும். நான் இரண்டு வரைபடங்களாகத்தான் வரைவேன்.

நிலவன்

இரண்டாகப் பிரித்தால் எங்கள் ஆட்கள் இரண்டையும் படிக்கமாட்டார்கள், செல்வராசு. சுவரில் ஒன்றுதான் ஒட்டப்படும்.

தேன்மொழி

இரண்டு பக்க நியாயமும் புரிகிறது. இப்போதைக்கு வழிதலுக்குத் தனி வரைபடமாகவே வைக்கிறேன்; குழாய்க் கசிவுக்கு அடுத்த மாதம் இன்னொன்று வரைந்து, வலப்பக்கத்தில் எத்தனை பெட்டிகள் உண்மையிலேயே பொதுவானவை என்று பார்த்துவிட்டு முடிவுசெய்யலாம் என்று மேலாளரிடம் சொல்லியிருக்கிறேன்.

இதற்கிடையே எங்கள் தொட்டிகளின் உச்சியில் ஏறி உயர்மட்ட சுவிட்சுகளைப் பார்த்தோம். எங்களுடையது வேறு வகை, நெம்புகோல் இல்லை; சோதனைக்கு ஒரு பொத்தான் இருக்கிறது. அந்தப் பொத்தான் மின்சுற்றை மட்டும் சோதிக்கிறதா, மிதவையையும் சேர்த்துச் சோதிக்கிறதா என்று கையேட்டில் தெளிவாக இல்லை. கார்முகில் அண்ணா, இதை எப்படி உறுதிசெய்வது?

கார்முகில்

வகை எண்ணை எழுதுங்கள். பொத்தானை அழுத்தும்போது மிதவைத் தண்டு உடன் அசைகிறதா என்று மூடியைத் திறந்து பார்த்தால் தெரியும். அசையவில்லை என்றால் அது மின்சுற்றுச் சோதனை மட்டுமே. மிதவை துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தாலும் அந்தச் சோதனையில் தேறிவிடும். அப்படியானால் ஆண்டுக்கு ஒருமுறையாவது கழற்றி, வாளி நீரில் மிதவையைத் தூக்கிப் பார்க்கவேண்டியிருக்கும்.